காளியப்பன் மிச்சம் பிடித்த இரண்டு வாட்

தேவராஜ மொஹல்லா என்கிற பேட்டையில், செருப்புக்கடை மாடியில் கேம் சென்டர் நடத்துகிறவர் காளியப்பன். சொந்த ஊர் கொள்ளேகால். நான்கு டிவி, நான்கு கன்சோல், கிழிந்த சோபா இரண்டு. மின்சாரம் வீணாவதைக் கண்டுபிடிக்கும் வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

பூட்டிய கடைக்குள் டிவியும் கன்சோலும் சும்மா இருந்தே கரண்ட் குடிப்பதாக ஒரு வீடியோவில் பார்த்தார். உடனே குறித்த நேரத்தில் தானே கரண்டை நிறுத்தும் ஸ்மார்ட் பிளக் வாங்கி, ஒவ்வொரு டிவிக்கும் கன்சோலுக்கும் பொதுவாக ஒன்று மாட்டினார். இரவு பத்துக்கு அணையும், காலை ஒன்பதுக்கு எரியும். போனில் ஒருமுறை நேரத்தைப் பதித்ததோடு அவர் பொறுப்பு தீர்ந்தது.

மறுநாள் காலையே கன்சோல்கள் முறையிட்டன: “முறையாக அணைக்கப்படவில்லை.” ஓய்வு நிலையில் விட்டுவிட்டுப் போவது அவர் பழக்கம். பிளக் அந்த உறக்கத்திலேயே மூச்சை நிறுத்தியது. இரவில் இறங்கவேண்டிய அப்டேட்டும் இறங்கவில்லை. பழைய டிவி ஒன்று நேரத்தை மறந்தது. படமும் சத்தமும் வைத்தபடியே இருந்ததால், அடுத்த இரண்டு வாரமும் ‘சரி’ பட்டனை அழுத்தி அழுத்தி எல்லாவற்றையும் ஒதுக்கினார்.

வெள்ளிக்கிழமை, கடையில் பையன்கள் கன்சோலில் ஆடிய கால்பந்து போட்டியின் இறுதி ஆட்டம். பாதியில் மனோஜ்குமார் மூன்று கோல், சந்துரு பூஜ்யம். கடை மூடும் நேரமாயிற்று.

“அப்படியே நிறுத்தி வெச்சுட்டுப் போங்க தம்பி. ஆரஞ்சு லைட் எரியுதுல்ல? நாளைக்கு விட்ட எடத்துலேயே இருக்கும்” என்றார் காளியப்பன். பூட்டிக்கொண்டு போனார். பத்து மணிக்கு பிளக் தன் கடமையைச் செய்தது.

காலையில் கன்சோலைப் போட்டால் ஆட்டமே இல்லை.

“ஏன் குரு, என் மேட்ச் எங்கே?” மனோஜ்குமார் காளியப்பனிடம் குரல் உயர்த்தினான்.

“கரண்ட் போயிருக்குமுங்க.”

“கீழே செருப்புக்கடைக்காரர் வெச்சிருக்கிற ஃபிரிட்ஜு ஐஸோடதானே இருக்கு?”

காளியப்பன் போனை நீட்டினார். தன் சிக்கனத்தைப் பார்த்தாவது பையன் அடங்குவான் என்று நினைத்தார். பிளக் செயலியின் வரைபடத்தில் கடை பூட்டியதிலிருந்து பத்து மணிவரை இரண்டு வாட், அப்புறம் பூஜ்யம்.

“பாருங்க தம்பி, எவ்ளோ மிச்சம்!”

“அந்த ரெண்டு வாட்லதான்ணா என் மூணு கோல் இருந்துச்சு!”

சோபாவில் சந்துரு காலை நீட்டினான். “இப்போ பூஜ்யம் பூஜ்யம். முதல்ல இருந்து ஆடலாம், பரவால்ல. எனக்கு கோபமே இல்ல.”

“உனக்கு ஏன்டா கோபம் வரும்!”

கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. காளியப்பன் கோப்பையை மனோஜுக்கே கொடுத்திருக்கலாம். ஆனால் பிளக்மேல் தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். “புதுசா ஆடுங்க, அதான் நியாயம்” என்றார். சந்துரு இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தான்.

மனோஜ்குமார் கன்ட்ரோலரைச் சோபாவில் போட்டுவிட்டு எழுந்தான். அவனோடு ஏழு பேர் எழுந்தார்கள். பஸ் நிலையத்துப் பக்கம் வேறொரு கேம் சென்டர் இருக்கிறது. அங்கே ஸ்மார்ட் பிளக் கிடையாது, கன்சோலுக்கு நேரே சுவிட்ச்தான்.

இப்போது காளியப்பன் கடையில் மூன்று டிவிகள் பகலிலும் அணைந்திருக்கின்றன. வரைபடம் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. வருகிறவர்களிடம் அதைத்தான் முதலில் காட்டுகிறார்.