லெமினேட் பண்ணாத கடதாசி

வாகரையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் காலை பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுக்குமுன்னே றஞ்சிதா தூங்கிவிடுவாள். விடியுமுன் எழும்பி மீன் பெட்டிகளுக்கு ஐஸ் போட்டு, புருசனுக்கு இன்சுலின் குத்தி, அம்மாவிடம் நாலு ஏச்சும் வாங்கிக்கொண்டு வருகிறவளுக்குத் தூக்கம் வராமல் வேறென்ன வரும்?

புருசன் சுபாகரனுக்குச் சீனி வருத்தம் கண்ணில் ஏறிவிட்டது. வாசலில் நிற்கும் சின்ன லொறியின் ஸ்டியரிங்கை அவன் இனிப் பிடிக்க ஏலாது. கரையில் மீனை எடுத்து டவுன் சந்தைக்கு ஏற்றிப்போகும் அந்த லொறிதான் வீட்டுக்குச் சோறு. இப்போதைக்கு அதை ஓட்டுகிறவன் பக்கத்து வளவுப் பிரதீஸ். அவனுக்கோ கட்டாரில் வேலை சரிவந்துவிட்டது. ஓகஸ்ட் முடிவில் பறந்துவிடுவான். அதற்குள் றஞ்சிதாவின் கையில் லைசன்ஸ் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் லொறி வாசலில் நிற்கும், வீட்டில் அடுப்பும் நிற்கும்.

டவுனில் ஒரு ட்ரைவிங் ஸ்கூலில் பதிந்தாள். அங்கே பெண்களுக்குப் பழக்குகிறவள் சுதர்சனா. றஞ்சிதாவின் வயதுதான், வாய்மட்டும் இரண்டு மடங்கு. முதல் நாளே கலண்டரை மேசையில் விரித்து எல்லாவற்றையும் ஒழுங்காய்ச் சொன்னாள்.

"இஞ்ச பாருகா. மெடிக்கல் எடுத்துட்டாய், அது ஆறு மாசத்துக்குத்தான் செல்லும். ஏப்ரல்ல எழுத்துப் பரீட்சைக்குத் திகதி போடுறன். பாஸ் பண்ணினா எல் போட்டு மாட்டிப் பழகப் பேர்மிட் தருவாங்க. பிறகு மூணு மாசம் பொறுக்கணும். ஜூலைக் கடைசியில ட்ரையல், ஓடிக் காட்டணும். பிரதீஸ் போறதுக்குள்ள நீ ட்ரைவர்."

கேட்கவே வயிறு குளிர்ந்தது. எழுத்துப் பரீட்சைக்கு பள்ளிக்கூடத்தோடு மூடிவைத்த மூளையைத் தட்டியெழுப்பி, இரவில் சட்டி கழுவும்போதும் வீதிக் குறியீடுகளைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

விண்ணப்பம் கொடுக்கிற நாளுக்கு முதல் கிழமை, சுதர்சனா கடதாசிகளைப் பார்க்கக் கேட்டாள். றஞ்சிதா பெருமையோடு எடுத்துவைத்தாள். அடையாள அட்டை சரி. மெடிக்கல் சரி. பிறப்புச் சான்றிதழைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அடி பாவி. இதை ஏன்கா லெமினேட் பண்ணின?"

"ஏன், நனையாம இருக்கத்தான்."

"சீல் அடிச்சதையும் கையெழுத்தையும் பிளாஸ்டிக்குக்குள்ள போட்டா ஆர் நம்புவாங்க? போட்டோக் கொப்பியா, ஒறிஜினலா எண்டு தெரியாது. கொண்டு போனா கவுண்டரில திருப்பித்தான் விடுவாங்க. புதுக் கொப்பி எடுத்துட்டு வா."

அதை லெமினேட் பண்ணியது றஞ்சிதா இல்லை, அம்மா அன்னப்பிள்ளை. இரண்டாயிரத்து நாலு மார்கழியில் கடல் வீட்டைக் கொண்டுபோனபோது, தகரப் பெட்டியோடு குடும்பத்தின் கடதாசி முழுவதையும் கொண்டுபோனது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போனால் கேட்டார்கள், நிவாரணத்துக்குப் போனால் கேட்டார்கள்: பிள்ளை பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே? பிள்ளை முன்னால்தான் நிற்கிறாள், பிறந்திருக்கிறாளோ என்று கேள்வி! அரசாங்கத்தின் நடமாடும் சேவையில் ஒருவழியாய்ப் புதுக் கொப்பி கிடைத்த அன்று, அன்னப்பிள்ளை வீட்டுக்கு வரவேயில்லை. நேரே கடைக்குப் போய்ப் பிளாஸ்டிக்கில் அடைத்துக்கொண்டுதான் வந்தாள். "இனிக் கடல் வந்தாலும் இது மிதக்கும்" என்றாள்.

கடலுக்குப் பயந்த பயம் அரசாங்கக் கந்தோரில் வந்து பிடித்தது. பேய்க்குப் பயந்து சுடுகாட்டில் படுத்த கதைதான்.

புதுக் கொப்பி எடுப்பது லேசாய் இருக்கவில்லை. பிறப்புப் பதிவுக் கந்தோரின் பழைய பதிவேடும் அதே தண்ணீரோடு போயிருந்தது. மறுபிரதியைத் தேடித்தான் எடுக்கவேண்டும் என்றார்கள். நாளைக்கு வா, இன்றைக்கு ஐயா லீவு. நாளையிண்டைக்கு வா, கொம்பியூட்டர் வேலை செய்யுதில்லை. றஞ்சிதா போனாள், வந்தாள், போனாள். கொப்பி கைக்கு வந்தபோது ஏப்ரல் திகதி எப்போதோ போயிருந்தது. மெடிக்கலுக்குமட்டும் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது.

சுதர்சனா திரும்பவும் கலண்டரை விரித்தாள். இந்த முறை அவளுடைய வாயும் குறைந்திருந்தது.

"ஜூன்ல எழுத்து. ட்ரையல் ஒக்டோபர்லதான் கிடைக்கும்."

"பிரதீஸ் ஓகஸ்ட்ல போறான், சுதர்சனா."

"தெரியும்கா. மூணு மாசத்தை நான் குறைக்க ஏலுமா?"

அன்றைக்குப் பஸ்ஸில் றஞ்சிதா தூங்கவில்லை. அழுதாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாள். கண்டக்டர் பார்த்தான், மிச்சக் காசைப் பேசாமல் மடியில் வைத்துவிட்டுப் போனான்.

ஜூனில் எழுத்துப் பரீட்சை பாஸ். பிறகு கிழமைக்கு இரண்டு நாள் பழக்கம், செவ்வாயும் சனியும். முதலில் மைதானத்தில் கிளச்சும் கியரும், பிறகு தடிகளுக்கு நடுவே ரிவேர்ஸ், பிறகு டவுன் வீதி. ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கப் பழகவேண்டும் என்றால் மட்டக்களப்பில் மேடு எங்கே இருக்கிறது? பாலத்து ஏற்றம்தான். அங்கே வண்டி பின்னுக்கு உருண்டபோது பின்னால் நின்ற ஓட்டோக்காரன் கத்தினான், "அக்கா, நான் பிள்ளகுட்டிக்காரன்!" சுதர்சனா சிரித்தாள். றஞ்சிதாவுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

ஓகஸ்ட் முடிந்தது. பிரதீஸ் வந்து லொறித் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனான். லொறி வாசலில் நின்றது. கரைக்கு வருகிற வியாபாரி கேட்ட விலைக்கு மீனைக் கொடுத்தார்கள். அது விலையில்லை, பிச்சை. "எல் போட்டைக் கட்டிக்கொண்டு ஓடிப்பாரன்" என்றவர்களும் இருந்தார்கள். எல் போட்டோடு ஓடினால் பக்கத்தில் லைசன்ஸ்காரன் ஒருவன் இருக்கவேண்டும்; இருக்கப்போகிறவனோ கண் தெரியாத சுபாகரன். அந்தப் பேச்சை அவள் கேட்கவேயில்லை. ஒவ்வொரு நாள் காலையும் சுபாகரன் எழும்பித் தடவிக்கொண்டு போய் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நிறுத்துவான். பற்றரி இறங்காமலிருக்க என்பான்.

ட்ரையல் அன்று மழை. பேர்மிட்டையும் அடையாள அட்டையையும் சொப்பிங் பையில் சுற்றி, சட்டைக்குள் செருகிக்கொண்டு போனாள். பரிசோதகர் வாங்கிப் பார்த்தார், பெயரைக் கேட்டார், ஏறச் சொன்னார். ரிவேர்ஸில் தடி விழவில்லை. ஏற்றத்தில் வண்டி உருளவில்லை.

"நீ பாஸ்கா!" என்று சுதர்சனா கட்டிப்பிடித்தாள். "கார்ட் பிந்தித்தான் வரும். அதுவரைக்கும் இந்தத் தற்காலிகக் கடதாசிதான் லைசன்ஸ். கடவுளே எண்டு லெமினேட் மட்டும் பண்ணிப்போடாத!"

சந்தோசப்பட வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் பஸ்ஸில் தூங்கிவிட்டாள்.

வீட்டில் சுபாகரன் கடதாசியை வாங்கி விரலால் தடவினான். எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது என்று அவனுக்குத் தெரியும், ஆனாலும் தடவினான். அன்னப்பிள்ளை பறித்துப் பார்த்தாள். முகம் கறுத்தது.

"என்ன புள்ள, மெல்லிசாக் கிடக்கு. கடல் வந்தா?"

"வந்தாக் கொண்டு போகட்டும்மா."

"என்ன கதை கதைக்காய்?"

"திருப்பி எடுப்பன். எந்தக் கந்தோர், எந்தக் கவுண்டர், எத்தனை தரம் அலையணும், எல்லாம் எனக்கு இப்ப பாடம்."

அன்னப்பிள்ளை கடதாசியைச் சொப்பிங் பைக்குள் திரும்ப வைத்து, பையின் வாயை முடிந்து கொடுத்தாள்.

விடியுமுன் லொறி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. சுபாகரன் பாயிலேயே கிடந்தான். கொஞ்ச நேரம் கேட்டான். இன்றைக்கு அது நிற்கவில்லை. கேற்றைத் தாண்டிக் கரைப் பக்கம் போனது.