மூன்று ரூபாய்க் கொட்டகை

தனக்கொடியின் புருஷன் ரங்கூனுக்குப் போனவன் திரும்பவில்லை. நெல்லை வேகவைத்துக் குத்தி, கிருமாம்பாக்கத்தில் வீடு வீடாக அரிசி விற்றுத்தான் இரண்டு பெண்களையும் வளர்த்தாள். 1934 தை மாதம், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பாகூரில் சிவப்பிரகாசத்தின் பாழடைந்த கொட்டகையையும் அதை ஒட்டிய களத்தையும் மாதம் மூன்று ரூபாய் வாடகைக்கு எடுத்தாள். எல்லாம் வாய்ப்பேச்சுதான். கூரைகூட இல்லை. தன் செலவில் கீற்று வாங்கி வேய்ந்தாள்.

ஆடியில் சிவப்பிரகாசம் வந்தார். எழுபது வயது. களம் நிறையக் காய்ந்த நெல்லைப் பார்த்துக்கொண்டே, "நாலு ரூபான்னு பேசினதா ஞாபகம்" என்றார்.

"மூணுதாங்க ஐயா. ஆறு மாசமா அதைத்தானே வாங்கிக்கிறீங்க?"

"பாக்கலாம்" என்று போய்விட்டார்.

 மறுநாள் காலை தனக்கொடி பத்திரம் எழுதும் சிங்காரவேலுவிடம் போய் நின்றாள்.

"ரசீது வாங்கினியா?"

"கேக்கலீங்க."

"அப்ப கஷ்டம்மா. கோர்ட்டுக்குப் போனா, பிரெஞ்சுச் சட்டப்படி சொந்தக்காரர் சத்தியம் பண்ணிச் சொல்ற வாடகைதான் செல்லும். வேணும்னா ஆளு வச்சு மதிப்புப் போடச் சொல்லலாம். மதிப்பு நீ சொல்ற வாடகைக்கு மேல போச்சுன்னா அந்தச் செலவும் உன் தலையிலதான்."

"அவரு பண்ணா சத்தியம், நான் பண்ணா இன்னா?"

சிங்காரவேலு பேனாவை எடுத்தார். எந்தக் கொட்டகை, மாதம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கொடுப்பது என்று இரண்டு பிரதி எழுதிக் கொடுத்தார்.

அதை அவள் கொண்டுபோய் நீட்ட, சிவப்பிரகாசம் படித்துவிட்டுக் காகிதத்தைக் கீழே போட்டார்.

"என் வார்த்தைக்கு மேல காயிதமா? எவ்ளோ திமிரு உனக்கு!"

"போன வருசம் ரெண்டு மூட்டை நெல்லு கடனா குடுத்தப்ப என்கிட்ட கைநாட்டு வாங்கினீங்களே ஐயா! அப்ப என் வார்த்தை இன்னா ஆச்சு?"

"எழுதணும்னா நாலுன்னு எழுதிக்கினு வா."

 காகிதத்தைப் பொறுக்கிக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனாள். பெண்கள் இருவரும் கீழே நின்று வாங்க, ஏணி வைத்து ஏறிக் கீற்றைப் பிரிக்க ஆரம்பித்தாள். தெருவே கூடிவிட்டது. பாதிக் கூரை இறங்குவதற்குள் பெரியவரே மூச்சிரைக்க வந்து நின்றார்.

"இன்னாடி பண்றே?"

"கூரை என்னுதுங்க. மொட்டைக் கொட்டகைக்கு நாலு ரூபா தர ஆளைப் பாத்துக்குங்க!"

யாரோ சிரித்தார்கள். பெரியவர் முகம் சிறுத்துப்போனது. காகிதத்தை வாங்கி, நெல் மூட்டைமேல் வைத்து, மூன்று ரூபாய்க்கே இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டார். அவள் கைநாட்டு வைத்தாள்.

"இனிமே என் வூட்டு வாசப்படி ஏறாதே."

"ஏறுவேங்க. ஒண்ணாந்தேதி வாடகை குடுக்கணும், ரசீது வாங்கணும்."

பிரித்த கீற்றில் பாதி கிழிந்துபோனது. புதுக் கீற்றுக்கு ஒன்றரை ரூபாய் பிடித்தது. பேசியதைப் பேசியபடி எழுதி வாங்க ஒன்றரை ரூபாய் தண்டம் அழுதேனே என்று சொல்லும்போதெல்லாம், எத்தனையோ வருஷம் கழித்தும், தனக்கொடியின் குரல் ஏறும்.