விசாகம், மூன்றா நாலா?

கலியாணத் தரகு என்பது இரண்டு வீட்டாரின் பயத்தையும் ஒரே கைப்பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறுகிற தொழில். வீட்டில் வயது வந்த பிள்ளையும் அலுமாரியில் ஒரு சாதகக் குறிப்பும் வைத்திருக்கிறவர்களே, நீங்களும் என்னைப் போல ஏறி இறங்கினவர்கள்தான். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் பிளாட் பிளாட்டாகச் சீலை விற்றேன். எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், யாருக்கு எப்போது கலியாண வயது வரும் என்று அப்போது தெரிந்துகொண்டதுதான் என் மூலதனம். பேரம் பேசத் தெரியும். கோபம் வரும். இந்த இரண்டையும் வைத்துத்தான் இவ்வளவு காலமும் சோறு தின்கிறேன்.

பத்து நிமிடம்

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் மூல நட்சத்திரத்தின் முதலாம் பாதத்தில் ஒரு பெண்ணின் குறிப்பு கிடைத்தது. பெண் பிள்ளைக்கு அந்தப் பாதம் என்றால் மாமனாருக்கு ஆகாது என்பார்கள். இரண்டாம் பாதம் என்றால் அவ்வளவு பார்க்கமாட்டார்கள். பிள்ளை பிறந்ததோ முதலாம் பாதம் முடிய ஒன்பது நிமிடம் இருக்கும்போது. தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் ஒரு சாத்திரியாரிடம் போய், சீலைக்கு விலை பேசுவது போலப் பேசி, பிறந்த நேரத்தில் பத்து நிமிடம் கூட்டி எழுதுவித்தேன்.

கலியாணம் நடந்தது. மாமனார் இன்றைக்கும் காலையில் கடற்கரையோரம் கையை வீசி நடக்கிறார். ஆனால் அந்தச் சாத்திரியாருக்கு வாய் நிற்காது. கதை வெள்ளவத்தையில் தொடங்கிக் கொட்டாஞ்சேனை வரைக்கும் போனது. ஒரு வீட்டில் நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே இருந்து கேட்டது: “கவனமாக் கதையுங்கோ, அவ மணிக்கூட்டோடயும் பேரம் பேசுவா.”

கொட்டுகிற ராசி

அபிராமி இதே வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில் இருக்கிற பிள்ளை. பம்பலப்பிட்டியில் ஒரு கம்பனியில் வேலை. ஊழியர்களுக்குள் சண்டை வந்தால் இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்த்துவைப்பது அவள் பொறுப்பு. நட்சத்திரம் விசாகம், நாலாம் பாதம். விசாகத்தின் முதல் மூன்று பாதமும் துலா ராசியில் நிற்கும். நாலாவது மட்டும் விருச்சிகத்துக்குள் போய்விடும். அந்த நாலாம் பாதத்துப் பெண் புருசனின் தம்பிக்கு ஆகாது என்று ஒரு பேச்சு. தம்பி இருக்கிற மாப்பிள்ளை வீடுகள் மூன்று இதைப் பார்த்துத்தான் குறிப்பைத் திருப்பித் தந்தன.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. தகப்பன் கந்தோரில் எழுத்து வேலை பார்த்து இளைப்பாறிய இலிகிதர், பஞ்சாங்கம் கொஞ்சம் தெரிந்த மனிதர். விருச்சிகத்தில் சந்திரன் நீசம், அதனால் மனத்தில் புண் ஆறாது. நாலாம் பாதத்துக்கு நவாம்சம் கடகம், அதனால் தொட்டதுக்கெல்லாம் நோகும். விசாகம் என்பதால் பிடிவாதம் வேறு. இப்படிப் படித்துப் படித்தே பிள்ளையை வளர்த்திருக்கிறார். அவள் சத்தமாகக் கதைத்தால் விருச்சிகம் கொட்டுகிறது. கதைக்காமல் இருந்தால் விருச்சிகம் விசத்தைச் சேர்க்கிறது. நான் போயிருந்த அன்றைக்குத் தேத்தண்ணியில் சீனி இல்லை என்று அவள் தம்பி கத்தினான். அவள் சீனிப் போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். தகப்பன் என்னிடம் குனிந்து சொன்னார்: “பார்த்தீங்களே, ஒண்டும் சொல்லாமப் போறா. உள்ளுக்க வைச்சிருப்பா.”

கொட்டாஞ்சேனையில் ஒரு தாய்

நாலாவதாக வந்த இடம் கொட்டாஞ்சேனை. மாப்பிள்ளை சுதன், ஒரே தம்பி கபிலன். தகப்பன் காலமாகிவிட்டார். இரண்டு வருடத்துக்கு முதல் கபிலனுக்கு டெங்கு வந்து, ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து எழும்பினவன். சுதனும் அபிராமியும் என் முன்னாலேயே ஒரு தேத்தண்ணிக் கடையில் சந்தித்து, என்னை மறந்து இரண்டு மணித்தியாலம் கதைத்தார்கள். இருபத்தெட்டு வயதில் அந்தப் பிள்ளை சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். இந்த இடமும் குழம்பினால் இனி யாரையும் பார்க்கமாட்டேன் என்று தகப்பனுக்குச் சொல்லியும் விட்டாள்.

தாய் குறிப்பை விரித்தார். நாலாம் பாதத்தில் விரல் நின்றது. நான் வழக்கம்போலப் பாய்ந்தேன். பரிகாரம் இருக்கிறது, இந்தக் காலத்தில் யார் இதெல்லாம் பார்க்கிறார்கள், படித்த குடும்பம் இப்படிக் கதைக்கலாமா என்று குரல் உயர்ந்துவிட்டது. கபிலனே குறுக்கே வந்து, “அம்மா, என்னைக் காப்பாத்துறன் எண்டு அண்ணாவைச் சாமியார் ஆக்காதேங்கோ” என்று பகிடி விட்டான். தாய் சிரிக்கவில்லை. கபிலனைப் பார்த்தபடி குறிப்பை மடித்து என் கையில் வைத்தார்: “ஒருத்தரை அனுப்பிப்போட்டன், தங்கச்சி. இவனைப் பந்தயம் வைக்கச் சொல்லாதேங்கோ.”

நான் சண்டைக்குப் பழகினவள். அந்தப் படியில் இறங்கும்போது சண்டை பிடிக்க ஆள் இருக்கவில்லை.

மாற்றாத மணிக்கூடு

அடுத்த கிழமை வேறொரு வேலையாக வன்னியில் இருந்து வந்து வெள்ளவத்தையில் லொட்ஜ் எடுத்திருந்த ஓர் அம்மாவைப் பார்க்கப் போனேன். மகன் பிறந்தது தொண்ணூற்றொன்பதில். பிறந்த நேரத்தை எழுதிக்கொண்டேன். அவர் என் பேனையைப் பிடித்தார். அது பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்காமல் எழுதுகிறேனாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். தொண்ணூற்றாறு வைகாசியில் நாட்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். ஐப்பசியில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் இரண்டாயிரத்தாறு சித்திரை வரைக்கும் கூடவே ஓடியது. அந்தப் பத்து வருடத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் நாம் இப்போது கலியாணம் பேசுகிறோம். அபிராமி பிறந்தது தொண்ணூற்றெட்டில், கொழும்பில். அந்த அம்மா வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: “எங்கட பக்கம் அப்ப இயக்கத்திட்ட, அங்க மணிக்கூட்டை மாத்தேல்லை, பிள்ளை. நீங்கள்தான் அரை மணித்தியாலம் முந்திப் பிறந்தனீங்கள்.”

சாத்திரியார் கணக்கு

அபிராமியின் குறிப்பை எழுதினவர் இப்போது இல்லை. வேறொரு சாத்திரியாரிடம் கொண்டுபோனேன். பழைய கதைக்காரர் இல்லை, இவர் வாய் திறக்கவே யோசிக்கிற மனிதர். முன்னவர் பார்த்தது இந்திய நேரத்தில் அச்சடித்த திருக்கணிதப் பஞ்சாங்கம். அந்த நேரம் நம்முடைய பழைய நேரத்தோடு ஒன்று. அதே பஞ்சாங்கத்தை இவரும் எடுத்தார். விசாகம் முதல் நாள் இரவு பத்து முப்பத்தைந்துக்குத் தொடங்கி, பிறந்த நாள் இரவு பத்து முப்பத்தைந்துக்கு முடிகிறது. இருபத்துநாலு மணித்தியாலம். நாலால் பிரித்தால் பாதத்துக்கு ஆறு. மூன்றாம் பாதம் பின்னேரம் நாலு முப்பத்தைந்துக்கு முடிகிறது.

ஆஸ்பத்திரி அட்டையில் இருந்த நேரம் நாலு ஐம்பது. முன்னவர் அதை அப்படியே வைத்து நாலாம் பாதம் என்று எழுதிவிட்டார். அரை மணித்தியாலம் கழித்தால் நாலு இருபது. மூன்றாம் பாதம். ராசி துலாம், நவாம்சம் மிதுனம். லக்கினம் மாறவில்லை. பிறப்பில் குரு திசை இருப்பு நாலு மாதம் கூடுகிறது. ராசியே மாறியதால் பொருத்தத்தையும் புதிதாகப் பார்த்தார். குறைவில்லை. குணத்தைக் கேட்டேன். துலாம் என்றால் தராசு, இரண்டு தட்டையும் பார்த்துத்தான் பேசும். மிதுன நவாம்சம் புதனுடையது, பேசித் தீர்க்கிற புத்தி. பிடிவாதம் மட்டும் விசாகத்தின் பொதுக் குணம், அது எந்தப் பாதத்திலும் போகாது என்றார். நான் எழும்பும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “இதை நீங்கள் சொன்னா நம்புவினமோ?”

என் முறை

நம்பவில்லை. கொட்டாஞ்சேனைத் தாய் புதிய குறிப்பைக் கையாலும் தொடவில்லை. பத்து நிமிடக் கதை எனக்கு முன்னமே அந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தது. “அங்க பத்து நிமிசம், இங்க அரை மணித்தியாலமோ?” என்று கேட்டார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. எடுத்தெறிந்து பேச வாய் திறந்தேன். பேசியிருந்தால் அந்தப் பிள்ளையின் வாழ்க்கை அந்த வாசலில் முடிந்திருக்கும். அவர் கேட்டது நியாயம் என்பது எனக்குத் தெரிந்ததால் வாயை மூடினேன். சரியான பேரத்தில் பொருளை நம்முடைய கையில் வைத்துக் காட்டக் கூடாது. வாங்குகிறவரின் கையிலேயே இருக்கிறதைக் காட்ட வேண்டும். இதை எனக்குப் படிப்பித்தது சீலை வியாபாரம்.

“அக்கா, கபிலன் பிறந்தது எப்ப?” என்று கேட்டேன். இரண்டாயிரத்தொன்று, கொழும்பு. “அவற்ர குறிப்பை ஒருக்கா எடுங்கோ.” கபிலன்தான் அலுமாரியைத் திறந்து எடுத்தான். மஞ்சள் பூசிய தாளில் அவர்களுடைய சாத்திரியார் அழகாக எழுதியிருந்தார்: பிறந்த நேரம் பகல் 2.10, அதன் கீழே, திருத்திய நேரம் 1.40. தாய் அந்த இரண்டு வரிகளையும் மூன்று முறை வாசித்தார். பிறகு மகனைப் பார்த்தார். அபிராமியின் ஆஸ்பத்திரி அட்டையை வாங்கி, விரல் விட்டு அரை மணித்தியாலத்தைத் தானே கழித்தார். அவர் கண் நிறைந்திருந்தது, குரல் தளரவில்லை: “என்ர பிள்ளைக்குக் கழிச்ச அரை மணித்தியாலத்தை அந்தப் பிள்ளைக்குக் கழிக்காம விட்டால் கடவுளுக்குப் பொறுக்காது. கலியாணத்துக்கு நாள் பாருங்கோ.”

தராசு

நேராக மூன்றாம் மாடிக்கு ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னேன். தகப்பன் துள்ளி எழும்பினார். “அதுதான் பாருங்கோ, துலாம்! கந்தோரில எல்லாச் சண்டையையும் இவதானே தீர்க்கிறா. அண்டைக்குச் சீனிப் போத்தலை வைச்சிட்டுச் சத்தமில்லாமப் போனா, எவ்வளவு நிதானம்!” என்றார். அதே சீனிப் போத்தல். அதே பிள்ளை.

அபிராமி கதிரையின் பிடியைப் பிடித்தபடி நின்றாள். சந்தோசப்படுவாள் என்று பார்த்தேன். சந்தோசம் இருந்தது, அதற்கு முன்னால் வேறொன்று இருந்தது. தகப்பனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அன்ரி, அப்ப இருபத்தெட்டு வருசமா நான் அடக்கி வைச்சது ஆருடைய கோபம்?”

நான் புதிய குறிப்பை அவள் கையில் கொடுத்தேன். நான் பிறந்த நேரத்தை யாரும் எழுதி வைக்காததால், பழி போட ஒரு பாதம் இல்லாமல் என் கோபத்துக்கெல்லாம் நானே சொந்தக்காரியாக இருந்து பழகிவிட்டேன்.