ஒன்பதாவது சாவி

தொண்ணூறுகளின் கடைசி. காரைக்குடியில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, வெளியூர் சர்வர்கள் ஒன்பதைப் பராமரித்து வந்தேன். ஒவ்வொன்றுக்குள்ளும் நுழைய, கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் தனித்தனி டிஜிட்டல் சாவி. காலையில் வந்ததும் ஒன்பதையும், எனக்காகச் சர்வரிடம் சாவியை நீட்டும் ஏஜெண்ட் என்கிற புரோகிராமில் ஏற்றிவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

அன்று, ஒன்பதாவதாகப் புதிதாகச் சேர்ந்த சென்னை சர்வர் என்னை உள்ளே விடவில்லை. தோற்றுப்போன முயற்சிகள் அதிகம் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தது. அங்கே பொறுப்பிலிருந்த, எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பள்ளத்தூர்க்காரருக்குப் போன் போட்டு, என் சாவியை ஏன் அழித்தீர்கள் என்று கத்தினேன்.

"அழிக்கலைங்க, உங்க சாவி பத்திரமா இருக்கு. உங்க ஏஜெண்ட் மத்த சாவிய எல்லாம் ஒவ்வொன்னா நீட்டுது. சர்வர் ஒவ்வொன்னையும் ஒரு தப்புன்னு எண்ணி, சரியான சாவி வர்றதுக்குள்ள லைனை அத்துவிட்டுருது. எல்லாத்தையும் எடுத்துட்டு இதை மட்டும் ஏத்திப் பாருங்க."

"எனக்கே பாடம் எடுக்கிறீகளா?" என்று போனை வைத்துவிட்டு, அவர்மேல் புகார் எழுதி அவருடைய மேலதிகாரிக்கு மெயில் அனுப்பினேன். ஒரே வாரத்தில் அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அடுத்து வந்தவரும் அதையேதான் சொன்னார். ஆங்கிலத்தில் சொன்னார், கேட்டுக்கொண்டேன். அந்த ஒரு சாவியை மட்டும் ஏற்றினேன். முதல் முயற்சியிலேயே உள்ளே விட்டது.

தவறு என்னுடையது என்று இன்னொரு மெயில் எழுத ஐந்து நிமிடம் போதும். இன்றுவரை நான் எழுதவில்லை.