நான்கு மெஷின் என்று சொன்ன பொய்

என் தையல் கடையைத் தி.நகரிலிருந்து நங்கநல்லூருக்கு மாற்றியதற்கு எல்லோரிடமும் வாடகையைத்தான் காரணமாகச் சொன்னேன். உண்மைக் காரணம் கீழ்த்தளத்துக் காஜாக்காரர்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். மனிதர்களோடு பேசுவதென்றால் எனக்குக் கொஞ்சம் உதறும். காஜாக்காரருக்கு உதறவே உதறாது. சட்டைக்குப் பட்டன் ஓட்டை போடும் மெஷின் அவரிடம் மட்டும்தான் இருந்தது. எங்கள் தி.நகர் சந்தில் சட்டை தைக்கும் கடைகள் இருபதுக்கு மேல் இருக்கும். அத்தனை கடைச் சட்டையும் அவர் மெஷின் வழியாகத்தான் போக வேண்டும். நான் மூட்டையோடு படி இறங்கினால் போதும்.

"இன்னா நைனா, சாப்டியா? இன்னா கொழம்பு? மூஞ்சி ஏன் இப்டி கீது?"

சட்டைக்கு ஏழு ஓட்டை. ஓட்டைக்கு ஒரு கேள்வி. எட்டு வருடம் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கடையைக் காலி செய்தேன். தரகரிடம் பழைய காஜா மெஷின் ஒன்றும் வாங்கினேன். இனி என் ஓட்டையை நானே போட்டுக்கொள்வேன் என்று நினைத்தேன்.

நங்கநல்லூரில் நல்ல அமைதி. ஒரு வீட்டின் முன்னறை. முதல் ஆர்டர் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் நண்பர்கள் அறுபது பேருக்கு ஒரே மாதிரி அரைக்கைச் சட்டை. வெள்ளிக்கிழமை கல்யாணம்; வியாழன் மாலை கோபாலபுரத்தில் கொடுக்க வேண்டும். பழைய சந்திலிருந்து மூன்று தையல்காரர்கள் தங்கள் மெஷின்களோடு வந்து தைத்தார்கள். தைத்து முடித்ததும் மூன்று பேரும் பையைத் தூக்கினார்கள்.

"அடுத்த ஆர்டர் வந்துடும்," என்றேன்.

மூத்தவர் சிரித்தார். "வர்ற வரைக்கும் இங்க இன்னா பண்றது? ஆஞ்சநேயர் கோயிலச் சுத்திக்கினு இருக்கணுமா? அங்கன்னா உன் கடைல துணி இல்லாட்டி பக்கத்து மாடி. அங்க இல்லாட்டி எதிர்ல. தையலுக்கு ஆள் வேணும்னு யாராவது கத்திக்கினே இருப்பாங்க. நீ ஒத்த ஆளு மாமா. உன்ன நம்பி நான் இங்க எப்டி குந்துறது?"

அவர்கள் மெஷின்களை வண்டியில் ஏற்றக் கை கொடுத்தேன். சரி, மிச்சம் ஓட்டைதானே என்று புதன்கிழமை காஜா மெஷினில் உட்கார்ந்தேன். ஒழுங்கான காஜா மெஷின் ஓட்டையின் ஓரத்தைச் சுற்றித் தைத்துவிட்டு, கடைசியில் கத்தியை இறக்கி நடுவில் வெட்டும். என் மெஷினுக்குப் பொறுமை இல்லை. முதலில் வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தைத் தேடித் தேடித் தைத்தது. சட்டையின் மார்பில் மீன் வாய் திறந்தது போல ஒரு கிழிசல். நல்ல வேளையாக, வழக்கப்படி ஒரு சட்டை கூடுதலாகத் தைத்திருந்தேன். கூடுதல் ஒன்றுதான். அறுபதில் இன்னொன்று கெட்டால் ஒரு நண்பர் பனியனோடு கல்யாணத்துக்குப் போக வேண்டியதுதான்.

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். அதே சந்தில் சைக்கிள் ரிம் போலச் சுற்றிக்கொண்டே இருப்பவர். அங்கே மாடியிலிருந்து கை தட்டினால் ஏறி வருவார்.

"நங்கநல்லூரா? ஒத்த மெஷினுக்கா? இந்தச் சந்துல நான் டீ குடிக்கப் போற வழிலயே அஞ்சு மெஷின் பார்ப்பேன். உனக்காக வந்தா அரைநாள் பூடும் மச்சி. அங்க நாலு மெஷின் இருந்தா சொல்லு, வர்றேன்."

"நாலு இருக்கு," என்றேன். என் வாய்தான் சொன்னது. வாழ்க்கையில் அத்தனை வேகமாக நான் எதையும் சொன்னதில்லை.

போனை வைத்த பிறகு எண்ணிப் பார்த்தேன். தையல் மெஷின்கள் அந்த மூன்று பேருடையவை. வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். என் சொந்த மெஷினோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ரிப்பேருக்கு இருந்தது ஒன்றே ஒன்று. வேறு வழியில்லாமல் வீட்டுக்கார அம்மாவிடம் போய், தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"எங்காத்துல ஒண்ணு இருக்கே! பத்து வருஷமா டிவி வச்சிண்டிருக்கோம் அது மேல," என்றார். "நீங்க கவலப்படாதீங்கோ. நான் சொல்லிடறேன்."

யாரிடம் சொன்னாரோ தெரியாது. வியாழன் காலை ஒன்பது மணிக்கு என் அறை வாசலில் மூன்று பழைய மிதி மெஷின்கள். மெக்கானிக் வந்தபோது ஆறு. பதினொரு மணிக்கு ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு அம்மா, கையில் காபி டம்ளர். மெக்கானிக்கின் முகம் மாப்பிள்ளை முகம் போல ஆகிவிட்டது.

"மாமி, பெல்ட்டு லூஸு. மாமி, நூலு இப்டி போவணும். இன்னொரு காபியா? குடுங்க."

"எனக்குத்தான் முதல்ல பாக்கணும்," என்றார் வீட்டுக்கார அம்மா. "என் மெஷினாலதான் நீர் வந்திருக்கீர்."

நான் அறுபது சட்டைக்குப் பின்னால் மறைந்து நின்றேன். அப்படியும் ஒரு அம்மா கண்டுபிடித்து, ஜன்னல் திரைக்கு எத்தனை சுருக்கு வைக்கலாம் என்று கேட்டார். காஜாக்காரர் ஒருவரிடமிருந்து ஓடி வந்தவன், இப்போது ஒன்பது பேர் நடுவில்.

மதியம் ஒரு மணிக்குத்தான் மெக்கானிக் என் மெஷினிடம் வந்தார். மூடியைத் திறந்தார், ஒரு விரலால் தட்டினார், மூடினார்.

"கத்தியத் தூக்கற ஸ்பிரிங் அவுட்டு. இது எங்க கெடைக்கும் தெரியுமா? உன் பழைய கடைக்கு எதுத்தாப்புல."

"வாங்கிட்டு வர முடியுமா?"

"வாங்கிக்கினு வந்து மாட்டறதுக்குள்ள இருட்டிடும். ஸ்பிரிங்கு இங்க வரதுக்குப் பதிலா சட்ட அங்க போவட்டுமே. ஏறு வண்டில."

ஏறினேன். மடியில் சட்டை மூட்டை, அதன் மேல் வீட்டுக்கார அம்மா கொடுத்த முறுக்கு. வழியில் கேட்டேன், "நங்கநல்லூர்லயே உங்களுக்கு நல்ல வேலை கிடைக்கும் போலிருக்கே?"

"இன்னிக்கி ஒம்போது மெஷின் ரெடி ஆயிடுச்சா? இனி அதுங்க எப்ப கெட்டுப் போவும்? ஒரு பாவாட தச்சிட்டு மேல டிவிய வச்சிடுவாங்க. நம்ம சந்துல காலைல ஆரம்பிச்சா ராத்திரி வரை மெஷின் ஓடும். ஓடற மெஷின்தான் ஒடையும். ஒடையற எடத்துலதான் நான் இருக்கணும்."

கிண்டி தாண்டியதும் மூட்டையை இன்னும் இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அறுபது சட்டையைப் பற்றிய பயமில்லை. சொல்லாமல் ஓடிப் போனவன், இப்போது எந்த முகத்தோடு படி வாசலில் நிற்பது? என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பனகல் பார்க் வந்தபோது கையிருப்பில் இருந்தது 'அது வந்து' மட்டும்தான்.

காஜாக்காரர் மெஷினிலிருந்து தலை நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார்.

"அது வந்து..." என்றேன். "இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள..."

"இன்னா நைனா," என்றார், "சாப்டியா?"

"இல்ல."

"கொழம்பு?"

"முறுக்கு."

கையை நீட்டி முறுக்கை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். கையில் இருந்த வேறு கடைச் சட்டையை ஓரமாக வைத்தார். என் முதல் சட்டை மெஷினுக்குள் போனது. தை, தை, தை, வெட்டு. சுற்றித் தைத்த பிறகுதான் வெட்டு. அதைப் பார்த்தே எத்தனை நாளாகிவிட்டது.

மூன்றரைக்குள் நானூற்று இருபது ஓட்டையும் முடிந்தது. பட்டன் வைக்கப் பக்கத்து மாடியிலிருந்து அந்த மூத்த தையல்காரரே இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இஸ்திரிக்கு எதிர் வீடு. ஏழு மணிக்குக் கோபாலபுரத்தில் அறுபது சட்டையும் இருந்தன. எல்லாம் பட்டன் போடக்கூடியவை.

அடுத்த மாதமே நங்கநல்லூர் அறையைக் காலி செய்துவிட்டுப் பழைய சந்துக்கே திரும்பினேன். இந்த முறை எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான். வீட்டுக்கார அம்மா மிகவும் வருத்தப்பட்டு இன்னொரு டப்பா முறுக்கு கொடுத்தார். மீன் வாய் சட்டையை இன்றும் வீட்டில் போட்டுக்கொள்கிறேன். என் காஜா மெஷின் காஜாக்காரரின் கடை மூலையில் ஸ்டூலாக இருக்கிறது. மூட்டையோடு இறங்கினால் என்னை அதன் மேல்தான் உட்கார வைக்கிறார். உட்கார்ந்துகொண்டு, ஓட்டைக்கு ஒரு பதில் சொல்கிறேன்.