மச்சானுக்குப் போட்ட பிரியாணி

அறுபத்தைந்தில் அம்பத்தூர் கம்பெனி தொழிலாளர்களுக்கும் பங்கு கொடுத்தபோது, நானும் என் மனைவியின் தம்பியும் ஆளுக்கு நூறு வாங்கினோம். பங்கு பத்து ரூபாய். ஒவ்வொரு பங்குக்கும் வருஷத்துக்கு ஒரு ரூபாய் டிவிடெண்ட்.

அவன் அந்த நூறு ரூபாய் வந்ததும் மண்ணூர்பேட்டையில் எங்கள் மெஷின் ஷாப் ஆட்களுக்கெல்லாம் பிரியாணி போடுவான். நான் பேங்கிலும் தரகரிடமும் ஒரே தடவை கையெழுத்துப் போட்டுவிட்டேன். டிவிடெண்ட் என் கைக்கே வராது, அதே பங்காகத் திரும்பிவிடும்.

"மாமே, காயிதத்துல வந்த துட்டுக்கும் காயிதமே வாங்கிக்கினு கீறியே, அத துன்ன முடியுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். கூட்டம் சிரித்தது. கடைசிப் பந்தியில் எனக்கு வெறும் சோறு.

முதல் வருஷம் தரகு போக ஒன்பது பங்குதான் சேர்ந்தது. மறுவருஷம் அந்த ஒன்பதும் டிவிடெண்ட் தந்தது. விலை பத்திலேயே கிடந்தும், ஒன்பதாம் வருஷம் என் பங்கு இருநூறைத் தாண்டியது. அவனிடம் அதே நூறு.

அடுத்த வருஷ டிவிடெண்டை மட்டும் கையில் வாங்கினேன். அதே ஆட்களுக்கு அதே இடத்தில் பிரியாணி போட்டேன். அவனை முதல் பந்தியில் உட்காரவைத்து நானே பரிமாறினேன்.

"மச்சான், நீ வருஷா வருஷம் துன்ன நூறு ரூபா இதுதான். இத செலவு பண்ணியும் என்கிட்ட இன்னொரு நூறு மிச்சம் கீது. அது திரும்பப் பங்கு வாங்கப் போகுது."

வாயில் வைத்த கறியை எடுத்து இலையோரம் வைத்தான். எலும்பாகப் பார்த்து இன்னொரு கரண்டி போட்டேன்.