தங்கையின் முதுகும் புது மெத்தையும்

மெத்தை கம்பெனியின் சமூக வலைத்தளங்களுக்கு வாசகம் எழுதுபவளை ஆபீஸில் ‘சர்க்குலர் அக்கா’ என்பார்கள். பிறந்தநாள் வாழ்த்தைக்கூட அறிக்கை மாதிரி எழுதுவாள்.

அன்று லிங்க்ட்இனுக்கு எழுதியது உடனே தேறிவிட்டது: “முதுகுத்தண்டைச் சீராகத் தாங்கும் எங்கள் புதிய மெத்தை, பத்தாண்டு உத்தரவாதத்துடன் அறிமுகமாகிறது.” இன்ஸ்டாகிராமுக்கு அதன் தலையில் ‘அன்பு நண்பர்களே’ சேர்த்தாள்.

“நண்பர்களுக்கு நோட்டீஸ் அனுப்பறீங்களாக்கா?” என்றான் பக்கத்து மேசை டிசைனர்.

ரோஷம் வந்துவிட்டது. “டேய், மெத்தைய மாத்துடா!” என்று புது வாசகத்தைக் கீபோர்டில் தட்டினாள்.

“இது சிநேகம் இல்லக்கா, சண்டை. எங்க பேசினாலும் நம்ம கம்பெனி ‘நீங்க’ன்னுதான் பேசும்.”

அப்போது தங்கை போனில் வந்து புலம்பினாள். அக்கா சிரித்தாள். “எழுந்ததுமே முதுகு வலியா? பாவம், முதுகு என்னடி பண்ணும்? மெத்தையப் பாரு!”

“அதையே போடுங்கக்கா!” என்று துள்ளினான் டிசைனர்.

‘என்னடி’யை ‘என்னங்க’ ஆக்கினாள், ‘பாரு’வைப் ‘பாருங்க’ ஆக்கினாள். பத்து வருஷ உத்தரவாதத்தை மட்டும் மாற்றாமல் கடைசியில் வைத்தாள்.

பதிவு வெளியானதும் முதல் கமெண்ட் தங்கையிடமிருந்து வந்தது: “இது என் முதுகாச்சே!”

கம்பெனி பெயரில்தான் பதில் போட வேண்டும். “சீக்கிரம் சரியாகட்டுங்க!” என்று எழுதினாள். தங்கைக்கு அவள் மரியாதை கொடுத்தது வாழ்நாளில் அதுதான் முதல்முறை.